ஒரு குடும்பம், ஒரு மரக்கன்று: நட்ட நாள் முதல் இரண்டாம் கோடை முடியும் வரை

நமது குடியிருப்போர் நலச் சங்கம் இவ்வாண்டு மழைக்காலத் தொடக்கத்தில் தெருக்களில் மரக்கன்றுகளை நடவிருக்கிறது. குழி தோண்டுவது, கன்று வாங்குவது, கூண்டு வைப்பது, மாநகராட்சியின் அனுமதி பெறுவது ஆகியவற்றைச் சங்கமே பார்த்துக்கொள்ளும். குடும்பங்களிடம் நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: தத்தெடுக்கும் கன்றுக்கு இரண்டு கோடைகள் முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதையும், சங்கம் செய்யும் வேலைகளில் நீங்கள் அருகில் நின்று கவனிக்க வேண்டியவை எவை என்பதையும் இங்கே விரிவாகத் தருகிறோம்.

சென்னையின் தென்புறநகரில் நடப்படும் தெரு மரக்கன்றுகள் பெரும்பாலும் நட்ட மாதத்தில் சாவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மார்கழியில் மழை ஓய்ந்த பிறகும் மண்ணுக்குள் ஈரம் இருப்பதால், பொங்கல் வரை கன்று பச்சையாகவே நிற்கும். அந்தப் பசுமையை நம்பி எல்லோரும் கன்றை மறந்துபோகும் தை, மாசி மாதங்களில்தான் அது காயத் தொடங்குகிறது. எஞ்சியவற்றில் பல, பள்ளி விடுமுறைக்குக் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும் சித்திரை, வைகாசியில், கத்திரி வெயிலின் நடுவே பட்டுப்போகின்றன. ஆகவே தத்தெடுப்பது என்று நாம் சொல்வது, நடைமுறையில், தை முதல் வைகாசி வரையிலான ஐந்து மாதங்களைப் பொறுப்பேற்பதுதான். அதன் பிறகு மாலை நேர இடிமழை ஓரளவு கைகொடுக்கும்.

இடமும் கன்றும்

உங்கள் வீட்டு வாசலில் எந்த இடம் என்பதைச் சங்க உறுப்பினர் ஒருவர் உங்களுடன் நின்று முடிவு செய்வார். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மின்கேபிளும் எந்தப் பக்கம் போகின்றன என்பது பல நேரங்களில் வீட்டுக்காரருக்குத்தான் தெரிந்திருக்கும். இணைப்பு எடுத்தபோது தோண்டிய இடம் நினைவிருந்தால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். மதில் சுவரிலிருந்து குறைந்தது 4 அடியாவது விலகி நட வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகும் இடத்தில் மந்தாரை போன்ற சிறு மரம் போதும். கம்பி இல்லாத பக்கத்தில் புங்கை, வேம்பு, மகிழம், பூவரசு ஆகியவற்றுள் ஒன்றை வைக்கலாம். அரசும் ஆலும் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். பூங்காவுக்கும் ஏரிக்கரைக்கும் அவை பொருத்தமானவை, ஆனால் 20 அடிச் சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் பொருந்தாதவை. விரைவாக வளர்ந்து பூக்கும் குல்மொஹரையும், பரந்து விரியும் தூங்குமூஞ்சியையும் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது இத்தகைய மரங்கள் நகரெங்கும் சாய்ந்து கிடந்ததை இங்குள்ள பலரும் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

நாற்றங்காலில் கன்றைத் தேர்வு செய்யும்போது உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சிறிய கருப்புப் பையில் 7 அடி உயரத்துக்கு நிற்கும் கன்று, பெரும்பாலும், பையைத் துளைத்துக்கொண்டு நாற்றங்கால் தரைக்குள் வேர்விட்டு வளர்ந்ததாக இருக்கும். தூக்கும்போது அந்த வேர் அறுந்துவிடுவதால், பைக்குள் இருக்கும் கொஞ்ச வேரால் அவ்வளவு இலைக்குத் தண்ணீர் கொடுக்க முடியாது. பையின் அடியைத் திருப்பிப் பார்த்தால் கட்டைவிரல் பருமனில் அறுபட்ட வேர் தெரியும். அத்தகைய கன்றை வாங்க வேண்டாம். பெரிய பையில், 5 அடி உயரத்தில், தாங்கல் இல்லாமலே நேராக நிற்கும் கன்றே நமக்கு ஏற்றது.

குழியும் நடவும்

குழி 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம் இருக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் தோண்டி, சில நாள் வெயிலில் காயவிட்டு, ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த பிறகு நடுவது நமது திட்டம். தோண்டிய அன்று மாலை குழியைத் தண்ணீரால் நிரப்பி மறுநாள் காலையில் பார்க்க வேண்டும். நமது பகுதியில் பல மனைகள் பழைய வயலும் சதுப்புமாக இருந்தவை என்பதால், களிமண்ணில் தண்ணீர் காலையிலும் தேங்கி நிற்கக்கூடும். அப்படி நின்றால் அங்கே வேம்பு வேண்டாம், புங்கையையோ பூவரசையோ வைக்கலாம். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது நாள் கணக்கில் வெள்ளம் நின்ற தெருக்களுக்கும் இதே விதிதான்.

களிமண்ணை முழுவதுமாக அள்ளி எறிந்துவிட்டுச் செம்மண்ணும் எருவும் மட்டும் கொண்டு குழியை நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதை நாம் செய்யப்போவதில்லை. சுற்றிலும் இறுகிய களிமண் இருக்க, நடுவே பொலபொலப்பான மண் இருந்தால், பெய்யும் மழையெல்லாம் அந்தக் குழிக்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் வேரை அழுகவைக்கும். வேரும் அந்தச் சொகுசான மண்ணைவிட்டு வெளியே போகத் தயங்கி உள்ளேயே சுற்றிக்கொள்ளும். தோண்டிய மண்ணையே உடைத்து, அதில் நான்கில் ஒரு பங்கு நன்கு மக்கிய சாண எருவையும், இரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து திருப்பிப் போடுவதே சரி. குழியில் செங்கல் துண்டும் சிமெண்டுக் கட்டியுமாகக் கட்டடக் குப்பை வந்தால் மட்டும் அதை அகற்றிவிட்டு வெளியிலிருந்து மண் கொண்டுவர வேண்டும்.

நடும் நேரத்தில் உங்கள் குடும்பத்தில் ஒருவராவது உடனிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம், ஏனெனில் மூன்று தவறுகள் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கின்றன. முதலாவது, பையைக் கிழிக்காமலோ, அடியை மட்டும் கிழித்தோ நடுவது. பை முழுவதும் வெளியே வர வேண்டும், அது உங்கள் கையில் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். இரண்டாவது, மண்கட்டியின் ஓரத்தில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் வேரை அப்படியே விட்டுவிடுவது. அந்த வளையம் பிற்காலத்தில் மரம் பருக்கும்போது அதன் கழுத்தையே இறுக்கும். ஆகவே மண்கட்டியின் பக்கவாட்டில் மூன்று, நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் அரை அங்குல ஆழத்துக்குக் கீறிவிட வேண்டும். மூன்றாவது, ஆழமாக நடுவது. பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் தரையிலும் இருக்க வேண்டும், களிமண்ணில் இரண்டு அங்குலம் மேடாகவே இருக்கலாம். காற்றுக்குச் சாயாமல் இருக்கட்டும் என்று தண்டை அரை அடி மண்ணுக்குள் புதைத்தால், பட்டை ஈரத்தில் ஊறி அழுகிவிடும்.

சாய்வதைத் தடுக்க இரு பக்கமும் மூங்கில் கழி ஊன்றி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுவோம். கம்பியோ நைலான் கயிறோ கட்டக் கூடாது. கன்று காற்றில் சற்றே ஆட வேண்டும், அந்த அசைவில்தான் தண்டு உறுதிபெறுகிறது. மாடும் ஆடும் திரியும் தெருக்களில் மூங்கில் தட்டிக் கூண்டு கட்டாயம் வைக்கப்படும்.

வட்டப்பாத்தியும் மூடாக்கும்

கன்றைச் சுற்றி 3 அடி விட்டத்தில், 4 அங்குல உயரத்துக்கு மண் கரை கட்டினால் அதுவே பாத்தி. ஊற்றும் தண்ணீர் சாலையில் ஓடாமல் வேருக்கு இறங்குவது இந்தக் கரையால்தான். மழையில் கரை கரைந்துவிட்டால் நீங்களே மண்ணை அணைத்துக்கொள்ளலாம். பாத்திக்குள் 3 அங்குலக் கனத்துக்குக் காய்ந்த இலைகளைப் பரப்ப வேண்டும். இதுவே மூடாக்கு. வெயில் நேரே மண்ணில் விழாததால் ஈரம் கூடுதல் நாள் தங்குகிறது. தெருவில் கூட்டிக் குவித்து எரிக்கும் சருகே இதற்குப் போதும். தண்டை ஒட்டி நாலு விரல் அளவுக்கு இடம் விட்டுத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் கரையான் ஏற வசதியாகிவிடும்.

பாத்திக்கு மேல் சிமெண்டு பூசுவதோ, டைல்ஸ் பதிப்பதோ கூடாது. வாசல் அழகாக இருக்கட்டும் என்று சிலர் கன்றின் அடிவரை டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். மண்ணுக்குக் காற்றும் நீரும் போகாத அந்த மரம் மேலோட்டமாக வேர்விட்டு, புயலில் முதலில் சாயும் மரமாகிறது.

தண்ணீர் ஊற்றும் முறை

தினமும் காலையில் கோலம் போட வாசல் தெளிக்கும்போது ஒரு மக் தண்ணீரைக் கன்றுக்கு விட்டுவிடுவது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் வேலைதான், ஆனால் அந்தத் தண்ணீர் ஓர் அங்குல ஆழம்கூட இறங்குவதில்லை. நண்பகலுக்குள் அது ஆவியாகிவிடும். ஈரத்தைத் தேடும் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்து, கத்திரியில் அந்த மேல்மண் சூடேறும்போது வதங்கும். இடைவெளி விட்டு, ஒரே முறையில் நிறைய ஊற்றினால் ஈரம் ஓரடிக்குக் கீழே போகும், வேரும் அதைத் தொடர்ந்து கீழே போகும். முதலாண்டில் ஒரு முறைக்கு 20 லிட்டர் என்பது நமது அளவு. வீட்டில் வாங்கும் குடிநீர்க் கேன் ஒன்றின் கொள்ளளவு அது. எல்லோர் கண்ணுக்கும் பழகிய அளவு என்பதாலேயே அதை வைத்திருக்கிறோம்.

மொத்தமாகக் கவிழ்த்தால் களிமண்ணில் தண்ணீர் உடனே இறங்காமல் கரையைத் தாண்டி வழிந்துவிடும். உடைந்த மூடியோடு ஒதுக்கிவைத்த பழைய வாளி ஒன்றின் அடியில் ஆணிமுனையால் ஒரு சிறு துளையிட்டுப் பாத்திக்குள் வைத்து நிரப்பிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள். அடியில் தேங்கிய தண்ணீரே டெங்குக் கொசுவுக்குப் போதும், கொசுப்புழு கிடைத்தால் சுகாதார ஆய்வாளர் அபராதம் விதிக்கவும் கூடும்.

நட்ட முதல் மாதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அப்போது வேர் முழுவதும் பையிலிருந்து வந்த மண்கட்டிக்குள்தான் இருக்கும். சுற்றியுள்ள களிமண் சொதசொதவென்று இருக்க, நடுவே அந்தக் கட்டி மட்டும் காய்ந்து கிடப்பது உண்டு. ஆகவே முதல் மாதத்தில் மழை இல்லாத வாரங்களில் தண்ணீர் தண்டுக்குச் சற்றுத் தள்ளி அந்தக் கட்டியின் மேலேயே விழ வேண்டும். அதன் பிறகு மெல்ல மெல்லப் பாத்தியின் ஓரத்துக்கு வாளியை நகர்த்துங்கள்.

ஐப்பசி நடுவில் நட்ட ஒரு புங்கங்கன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார்த்திகை, மார்கழியில் தொடர்ந்து ஒரு வாரம் மழை இல்லாவிட்டால் மட்டும் 20 லிட்டர். தையும் மாசியும் வாரம் இரு முறை. பங்குனி முதல் வைகாசி முடிய ஒருநாள் விட்டு ஒருநாள். ஆனி தொடங்கியதும் மழையைப் பார்த்து மீண்டும் வாரம் இரு முறை. தை முதல் வைகாசி வரை கூட்டினால் ஏறக்குறைய 1,250 லிட்டர் வருகிறது, அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாம் ஆண்டில் பாத்தியை 4 அடி விட்டமாக அகலப்படுத்தி, ஒரு முறைக்கு 40 லிட்டர் ஊற்றலாம். ஆனால் இடைவெளி கூடுகிறது: தை, மாசியில் வாரம் ஒரு முறையும், கடும் கோடையில் வாரம் இரு முறையும் போதும்.

மழை பெய்தால் அந்த முறையை விட்டுவிடலாமா என்பது எல்லோருக்கும் வரும் கேள்வி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். நமது 3 அடி விட்டப் பாத்தியின் பரப்பு ஒரு சதுர மீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால், 20 லிட்டருக்கு ஈடாக 3 செ.மீ. மழை பெய்திருக்க வேண்டும். நேரான பக்கங்களுள்ள ஒரு பாத்திரத்தை மொட்டைமாடியில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். மே மாதத்துக் காற்றோடு வந்து தெருவை நனைத்துவிட்டுப் போகும் மழை பெரும்பாலும் அரை செ.மீ.கூட இருப்பதில்லை. அன்றும் ஊற்றத்தான் வேண்டும்.

எந்தத் தண்ணீர்

ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் கன்றுக்கு விடலாம் என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். அது நீங்கள் கருவிக்குள் விடும் தண்ணீரைப் பொறுத்தது. மெட்ரோ குடிநீரைச் சுத்திகரிக்கும் வீடானால் பெரிய தீங்கில்லை. ஏற்கெனவே உப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், அதன் உப்பு முழுவதும் அந்தக் கழிவுநீரில் செறிந்திருக்கும். கருவியைப் பழுது பார்க்க வருபவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும், அவரிடம் கேட்டு அளந்துகொள்ளுங்கள். 1,000-க்குள் இருந்தால் ஊற்றலாம். அதைவிடக் கூடுதலாக இருந்தால் நல்ல தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து, புங்கைக்கும் பூவரசுக்கும் மட்டும் விடலாம், மகிழத்துக்கு வேண்டாம். இலையின் விளிம்பு மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பேறினால் உப்பு மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது இரு முறை தொடர்ந்து நல்ல தண்ணீரை நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாகப் பயன்படும். ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இல்லை என்பதால், இரவில் ஒரு வாளி வைத்துப் பிடித்தால் கோடையில் அது நல்ல துணை. துணி துவைத்த சோப்புத் தண்ணீரும், உப்பு போட்டு வேகவைத்த தண்ணீரும் வேண்டாம்.

கன்று சொல்லும் குறிகள்

நண்பகலில் இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது வெயிலின் வேலை. மறுநாள் காலை 6 மணிக்கும் தொங்கிக்கொண்டே இருந்தால்தான் ஏதோ கோளாறு. அந்தக் கோளாறு தாகமாகவும் இருக்கலாம், தண்ணீர் மிகுந்து வேர் மூச்சுத் திணறுவதாகவும் இருக்கலாம். இரண்டிலும் இலை ஒரேபோல் வாடும், ஆகவே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் மண்ணைப் பாருங்கள். ஓரடி நீள இரும்புக் கம்பி ஒன்றைப் பாத்தியின் நடுப்பகுதியில் அழுத்தினால், ஈரமுள்ள மண்ணில் எளிதாக இறங்கும், காய்ந்த மண்ணில் பாதியில் நின்றுவிடும். கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கி, வெளியே எடுக்கும்போது அதில் ஒட்டிய மண் புளித்த நாற்றம் அடித்து, கன்றின் கீழிலைகளும் மஞ்சளாகியிருந்தால், ஒரு வாரத்துக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். இந்நிலையில் இரக்கப்பட்டுக் கூடுதலாக ஊற்றுவதால்தான் கன்று செத்துப்போகிறது.

புங்க இலைகளில் சிறு கொப்புளங்கள் தோன்றினால் அது கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிலந்திப்பேனால் வருவது. பார்க்க நன்றாக இராது, மரத்துக்குப் பெரிய கேடில்லை, மருந்து தெளிக்கத் தேவையில்லை. வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி தண்டில் அடைந்தால், குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். இலை முழுவதும் உதிர்ந்து குச்சியாக நின்றாலும் பிடுங்கிவிடாதீர்கள். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். நுனியில் பழுப்பாக இருந்தால் சற்றுக் கீழே சுரண்டுங்கள். எங்காவது பச்சை இருந்தால், வழக்கமான அளவில் இன்னும் ஒரு மாதம் தண்ணீர் விட்டால் அங்கிருந்து துளிர்க்கும் வாய்ப்பு உண்டு. அடிவரை பழுப்பாகிவிட்டால் சங்கத்திடம் சொல்லுங்கள். அந்தக் குழியில் அடுத்த ஐப்பசியில் மாற்றுக்கன்று வைப்போம். கோடையில் வைக்க மாட்டோம்.

பொறுப்பைப் பகிர்வது

ஒவ்வொரு கன்றுக்கும் தத்தெடுக்கும் குடும்பத்தோடு ஒரு துணைக் குடும்பத்தின் பெயரும் பதியப்படும். எதிர் வீடோ அடுத்த வீடோ இருப்பது நல்லது. ஊருக்குப் போகும்போது அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, துளையிட்ட வாளியையும் வாசல் குழாயைப் பயன்படுத்தும் வழியையும் விட்டுச்செல்லுங்கள். கோடை விடுமுறையில் இரு குடும்பங்களும் ஒரே நேரத்தில் வெளியூர் போவதாக இருந்தால், பங்குனி முடிவதற்குள் செயலாளரிடம் தெரிவித்தால் சங்கத்தின் தண்ணீர் வண்டி அந்தக் கன்றையும் தன் சுற்றில் சேர்த்துக்கொள்ளும். வண்டியால் எல்லாக் கன்றுகளுக்கும் ஊற்ற முடியாது என்பதால்தான் முன்கூட்டியே கேட்கிறோம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களும் தத்தெடுக்கலாம். வீட்டைக் காலி செய்யும்போது அடுத்து வருபவருக்கோ, வீட்டு உரிமையாளருக்கோ பொறுப்பை மாற்றிவிட்டு, பதிவேட்டில் பெயரைத் திருத்தச் சொல்ல வேண்டும். முதலாண்டு முடியும்போது தாங்கு கழிகளைச் சங்கம் அகற்றும். துணிக்கட்டு தண்டை இறுக்குவதாகத் தெரிந்தால் அதற்குக் காத்திராமல் நீங்களே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். வண்டி இடிக்கிறது என்று அடிக்கிளைகளை முதலாண்டிலேயே வெட்ட வேண்டாம். தண்டு பருப்பதற்கு அந்த இலைகளின் உணவு தேவை. இரண்டாம் ஆண்டு முதல் ஒன்றிரண்டாகக் கழிக்கலாம்.

இரண்டாம் கோடை முடிந்து அடுத்த மழைக்காலமும் கடந்த பிறகு, மூன்றாம் தையில் பதினைந்து நாள் தண்ணீர் விடாமல் பாருங்கள். காலையில் இலைகள் நிமிர்ந்தே இருந்தால் வேர் ஆழத்துக்குப் போய்விட்டது, உங்கள் பொறுப்பு முடிந்தது. வாடினால் அந்தக் கோடைக்கும் மாதம் மூன்று முறை 40 லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கும்.

தத்தெடுக்க விரும்பும் குடும்பங்கள் ஆவணி மாத முடிவுக்குள் சங்க அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில், வீட்டு எண், துணைக் குடும்பத்தின் வீட்டு எண், வீட்டில் கிடைக்கும் தண்ணீர் எவ்வகை என்ற மூன்றையும் எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்றாவது விவரத்தைப் பார்த்துத்தான் எந்த வாசலுக்கு எந்தக் கன்று என்று முடிவு செய்யப்போகிறோம்.